சேலத்து ரயில்வே ஊழியரும் நாமக்கல் பண்ணைக்காரரும்: இரண்டு இறங்குபாதைகள்

தேவைப்படும் நாள் நெருங்க நெருங்க, பங்குச்சந்தையில் இருக்கும் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் பத்திரங்களுக்கு நகர்த்த வேண்டும் என்பது முதலீட்டில் பலரும் ஒப்புக்கொண்ட வழி. இதை இறங்குபாதை என்று சொல்வோம். எவ்வளவு வேகமாக இறங்குவது, எங்கிருந்து இறங்கத் தொடங்குவது என்பதில்தான் சிக்கல். இந்தியாவில் சாதாரண மனிதர் கைக்கு எட்டும் இறங்குபாதை தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.இல் இருக்கிறது. 'ஆட்டோ சாய்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், சந்தாதாரரின் வயதைப் பார்த்து, ஆண்டுக்கு ஒருமுறை பங்கின் அளவைத் திட்டமே குறைத்துக்கொள்ளும்.

அந்த ஆட்டோ சாய்ஸிலேயே பல பாதைகள் உண்டு. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2016இல் வந்த எல்.சி.75. மற்றது, 2024 அக்டோபரில் வந்த பி.எல்.சி. இவை இரண்டும் தனியாருக்கு மட்டுமே திறந்திருந்தன; 2025 அக்டோபரில் மத்திய அரசு ஊழியர்களுக்கும் கிடைத்தன. ஆகவே சேலம் ரயில்வே கோட்டத்தில் வேலை பார்ப்பவரும், நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவரும் இப்போது ஒரே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க முடியும். (தமிழ்நாடு என்.பி.எஸ்.இல் சேராததால், பக்கத்து வீட்டு அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அவருடைய அரசு வேலையின் வழியாக இந்தத் தேர்வு வரவில்லை.)

எல்.சி.75இல் 35 வயது வரை பணத்தில் 75 விழுக்காடு பங்கில் இருக்கும். 36ஆம் வயதிலிருந்து ஆண்டுக்கு 4 விழுக்காடு குறையும். 40 வயதில் 55 விழுக்காடு, 45 வயதில் 35 விழுக்காடு. அதன்பின் ஆண்டுக்கு 3 குறைந்து 50 வயதில் 20 விழுக்காடு ஆகும். கடைசியில் ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து 55 வயதில் 15 விழுக்காட்டில் நிற்கும். அப்போது 75 விழுக்காடு அரசுப் பத்திரத்திலும் 10 விழுக்காடு நிறுவனக் கடன் பத்திரத்திலும் இருக்கும்.

பி.எல்.சி. வேறு மாதிரி. தொடக்கத்திலேயே பங்கு 50 விழுக்காடுதான். ஆனால் அந்த 50 அப்படியே 45 வயது வரை நகராது. அதன் பிறகு மெதுவாக இறங்கி 55 வயதில் 35 விழுக்காட்டில் நிற்கும். மீதியில் பெரும்பகுதி அரசுப் பத்திரம்.

மேலோட்டமாகப் பார்த்தால் எல்.சி.75தான் துணிச்சலான பாதை, பி.எல்.சி. நிதானமானது என்று தோன்றும். பலரும் அப்படித்தான் புரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு அட்டவணைகளையும் வயது வயதாக அருகருகே வைத்துப் பார்த்தால் கதை மாறுகிறது. 41 வயதில் எல்.சி.75இல் பங்கு 51 விழுக்காடு, 42 வயதில் 47. பி.எல்.சி.யில் இரண்டு வயதிலும் 50. அதாவது 42ஆம் பிறந்தநாளில் இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அதன்பின் ஓய்வு வரை அதிகப் பங்கைச் சுமப்பது பி.எல்.சி.தான். 45 வயதில் 35க்கு 50, 55 வயதில் 15க்கு 35.

42க்கு முன்னும் பின்னும் கையில் இருக்கும் பணம் ஒரே அளவல்ல என்பது இந்த ஒப்பீட்டின் முக்கியமான இடம். இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். சேலம் ரயில்வே கோட்டத்தில் 25 வயதில் வேலைக்குச் சேரும் ஒருவர், எடுத்துக்காட்டுக்காக. அவர் சம்பளத்திலிருந்து 10 விழுக்காடும் அரசின் பங்காக 14 விழுக்காடும் சேர்ந்து முதல் ஆண்டில் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் போகிறது என்று கொள்வோம். சம்பளத்தோடு அந்தத் தொகையும் ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்கிறது, போட்ட பணம் ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த விகிதங்கள் என் அனுமானம், யாரும் தரும் உறுதியல்ல. இரண்டு பாதைகளுக்கும் ஒரே வளர்ச்சியை வைத்திருப்பதும் ஒப்பீடு எளிதாக இருக்கத்தான்.

இந்தக் கணக்கில் 17 ஆண்டுகள் கழித்து, 42 வயதில் அவர் கணக்கில் ஏறத்தாழ 63 லட்சம் இருக்கும். 60 வயதில் ஏறத்தாழ 4 கோடியே 65 லட்சம். 42 வயதில் இருப்பது கடைசித் தொகையில் ஏழில் ஒரு பங்குதான். எல்.சி.75 முன்னே நிற்கும் ஆண்டுகள் முழுவதும் கணக்கில் பணம் சிறிதாக இருக்கிறது. பணம் பெரிதாகும் ஆண்டுகளில் முன்னே நிற்பது பி.எல்.சி. விழுக்காட்டை மட்டும் பார்ப்பவருக்கு எல்.சி.75 துணிச்சலாகத் தெரியும். ரூபாயைப் பார்த்தால் அதிக ஆபத்தும் அதிக வாய்ப்பும் பி.எல்.சி.யில்தான் இருக்கின்றன.

சந்தை 40 விழுக்காடு விழும் ஓர் ஆண்டை இதில் நுழைத்துப் பார்க்கலாம். இது கற்பனைக்கு எட்டாத வீழ்ச்சியல்ல. 2020 ஜனவரியில் 42,000ஐ ஒட்டியிருந்த சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே முடிந்தது. 2008 ஜனவரியில் 20,000ஐத் தாண்டியிருந்தது 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே போனது. அது இன்னும் கொடியது.

நம் ஊழியருக்கு 30 வயதில் இந்த வீழ்ச்சி வந்தால், கணக்கில் ஏறத்தாழ 8 லட்சம் இருக்கும். எல்.சி.75இல் 2 லட்சத்து 40 ஆயிரம் போகும், பி.எல்.சி.யில் 1 லட்சத்து 60 ஆயிரம். அந்த ஆண்டு அவர் கணக்கில் புதிதாகச் சேரும் தொகையே 1 லட்சத்து 60 ஆயிரம். மோசமான பாதையில்கூட ஒன்றரை ஆண்டுச் சந்தா இழப்பை நிரப்பிவிடும். இதே வீழ்ச்சி 55 வயதில் வந்தால் கணக்கில் 2 கோடியே 80 லட்சம் வரை இருக்கும். எல்.சி.75இல் போவது 17 லட்சம், பி.எல்.சி.யில் போவது 39 லட்சம். அந்த வயதில் ஆண்டுச் சந்தா ஏறத்தாழ 7 லட்சம். முதல் பாதையில் இழப்பு இரண்டரை ஆண்டுச் சந்தாவுக்குச் சமம். இரண்டாவதில் ஐந்தரை ஆண்டுக்கு மேல், ஆனால் ஓய்வுக்கு மிச்சம் இருப்பது ஐந்தே ஆண்டு.

இதைப் படித்தவுடன் பி.எல்.சி. ஆபத்தானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2020இல் விழுந்த சென்செக்ஸ் அந்த ஆண்டு நவம்பரிலேயே பழைய உயரத்தைத் தொட்டது. 2008 உச்சத்தைத் திரும்பத் தொட 2010 நவம்பர் வரை ஆனது. ஐந்து ஆண்டு மிச்சம் இருப்பவர் இரண்டு வீழ்ச்சிகளிலிருந்தும் மீண்டிருப்பார். இரண்டே ஆண்டு மிச்சம் இருந்தவர் 2008இல் தப்பியிருக்க முடியாது. அமெரிக்காவில் அதுதான் நடந்தது. 2010இல் ஓய்வு பெறுவோருக்கென்றே நடத்தப்பட்ட, இறங்குபாதை கொண்ட நிதிகள் 2008இல் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு நெருக்கமாக இழந்தன. சராசரியைவிடக் கவனிக்க வேண்டியது அவற்றுக்குள் இருந்த இடைவெளி. ஒரு நிதி 4 விழுக்காட்டுக்கும் குறைவாக இழந்தது, இன்னொன்று 40க்கும் மேல் இழந்தது. எல்லாவற்றின் பெயரிலும் அதே 2010தான் இருந்தது. பெயரைப் பார்த்து வாங்கியவர்கள், கடைசி ஆண்டுகளில் தங்கள் பாதை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கவில்லை.

இறங்குபாதை எப்போதும் பங்கை விற்றுக்கொண்டே இருக்கும் என்று நினைப்பதும் தவறு. என்.பி.எஸ்.இல் ஒவ்வொரு பிறந்தநாளிலும் பங்கு, பத்திர விகிதம் அந்த வயதுக்குரிய அளவுக்குத் திருத்தப்படும். சந்தை சரிந்திருந்தால் அந்தத் திருத்தம் பங்கை வாங்குவதாகவே அமையும். எல்.சி.75இல் இருக்கும் 39 வயதுக்காரரின் 100 ரூபாயில் 59 பங்கில் இருக்கிறது. சந்தை 40 விழுக்காடு விழுந்தால் அது 35 ரூபாய் சொச்சம் ஆகும். பத்திரத்தில் இருந்த 41 ரூபாய் 7 விழுக்காடு வளர்ந்து 44 ஆகியிருக்கும். மொத்தம் 79 சொச்சம். 40ஆம் வயதுக்குரிய 55 விழுக்காடு என்றால் பங்கில் 43 ரூபாய் 60 காசு இருக்க வேண்டும். ஆகவே அன்று 8 ரூபாய்க்குப் பத்திரத்தை விற்றுப் பங்கு வாங்கப்படும். அதே ஆள் பி.எல்.சி.யில் இருந்திருந்தால், பங்கு 30 ஆகவும் பத்திரம் 53 ரூபாய் 50 காசாகவும் மாறியிருக்கும். சமமாக்க ஏறத்தாழ 12 ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருப்பார். 45 வரை சமதளமாகப் போவதால், வீழ்ச்சியில் மலிவாக வாங்கும் திறன் பி.எல்.சி.க்குக் கூடுதல். எல்.சி.75 இறங்கிக்கொண்டே இருப்பதால் அந்த வாங்குதல் ஓரளவு முடங்கிப்போகிறது. மனிதர் கையால் செய்வதாக இருந்தால், 2020 மார்ச்சில் பத்திரத்தை விற்றுப் பங்கு வாங்கியிருப்பவர்கள் மிகச் சிலர். பிறந்தநாள் எந்த மாதத்தில் விழுகிறது என்பதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது. அதைத் தவிர்க்க வழியில்லை.

பத்திரத்தின் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் பகுதியில் பத்திரம் என்றாலே வங்கி டெபாசிட் போல அசையாதது என்ற எண்ணம் இருக்கிறது. என்.பி.எஸ்.இன் அரசுப் பத்திரப் பிரிவு நீண்ட காலப் பத்திரங்களை வைத்திருக்கிறது, அவற்றின் விலை நாள்தோறும் மாறும். வட்டி விகிதம் ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். விலையின் உணர்திறன் 7 ஆண்டு அளவில் இருக்கும் ஒரு தொகுப்பில், வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு மதிப்பு குறையும். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4லிருந்து 6.5க்கு ஏற்றியது. கணக்கில் பாதுகாப்பான பகுதி ஏன் வளரவில்லை என்று அந்த நேரத்தில் குழம்பியவர்களுக்குக் காரணம் இதுதான். அப்படிப் பார்த்தால், 55 வயதில் 75 விழுக்காட்டை நீண்ட காலப் பத்திரத்தில் வைக்கும் எல்.சி.75 ஆபத்தே இல்லாத பாதையல்ல.

ஆனால் இந்த அசைவுக்கு ஒரு பயன் இருக்கிறது. அது ஆன்யுட்டி வாங்கும்போது தெரியும். மத்திய அரசு ஊழியர் 60 வயதில் தொகையில் குறைந்தது 40 விழுக்காட்டுக்கு ஆன்யுட்டி வாங்கியாக வேண்டும். 4 கோடியே 65 லட்சத்தில் அது 1 கோடியே 86 லட்சம். ஆன்யுட்டி விகிதம் 7 விழுக்காடாக இருந்தால் ஆண்டுக்கு 13 லட்சம் ஓய்வூதியம் வரும். 6 ஆக இறங்கினால் 11 லட்சம் சொச்சம். வாழ்நாள் முழுவதற்கும் அந்த வித்தியாசம். நாட்டின் வட்டி இறங்கினால்தான் ஆன்யுட்டி விகிதமும் இறங்கும். அதே வட்டி இறக்கம் கையில் இருக்கும் நீண்ட காலப் பத்திரத்தின் விலையை ஏற்றிவிடும். ஓய்வூதிய இழப்பின் ஒரு பகுதியைப் பத்திரமே ஈடுகட்டும்.

இதை வைத்துப் பார்த்தால் ஊழியரின் பணத்தை இரண்டு கூறாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆன்யுட்டிக்குப் போகும் 40 விழுக்காடு, கையில் வாங்கும் 60 விழுக்காடு. முதல் கூறுக்கு வேண்டிய பத்திரம் இரண்டு பாதைகளிலும் தாராளமாக இருக்கிறது. ஆகவே வேறுபாடு முழுவதும் இரண்டாவது கூறில்தான். எல்.சி.75இல் அந்த 60இல் 15, அதாவது நாலில் ஒரு பங்கு மட்டும் பங்குச்சந்தையில். பி.எல்.சி.யில் 60இல் 35, பாதிக்கு மேல். அந்தத் தொகையை ஓய்வு பெற்ற மாதமே எடுத்து வீடு கட்டப்போகிறவருக்குப் பி.எல்.சி. பொருந்தாது. எடுக்காமல் வைத்திருந்து பதினைந்து, இருபது ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பவருக்கு எல்.சி.75 விலைவாசியோடு போட்டி போட முடியாத அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தேவைப்படும் நாள் என்று நாம் சொல்வது ஒருவருக்கு ஒரே நாள், இன்னொருவருக்கு இருபது ஆண்டு நீளம். ஊழியர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி அந்த நாளின் நீளம் பற்றியது.

நாமக்கல்லுக்குப் போவோம். முட்டைக்கோழிப் பண்ணை நடத்தும் 40 வயதுக்காரர் ஒருவர் இப்போதுதான் என்.பி.எஸ்.இல் சேர்கிறார் என்று கொள்வோம். அவர் சேரும் அன்று எல்.சி.75இல் பங்கு 55 விழுக்காடு, பி.எல்.சி.யில் 50. ஏறத்தாழ ஒன்றுதான். எல்.சி.75இன் 75 விழுக்காட்டை அவர் ஒரு நாளும் பார்க்கப்போவதில்லை. ஐந்தே ஆண்டில் அது 35க்கு இறங்கிவிடும். அவரைப் பொறுத்தவரை எல்.சி.75தான் எச்சரிக்கையான பாதை. ஆபத்து வேண்டாம் என்று நினைத்துப் பி.எல்.சி.யைத் தேர்ந்தெடுத்தால், வேண்டாம் என்றதையே அதிகமாக வாங்கிக்கொள்வார்.

அவர் வருமானத்தின் இயல்பு இதைவிட முக்கியம். ரயில்வே ஊழியரின் சம்பளம் மாதந்தோறும் தவறாமல் வருகிறது. அது ஒரு அரசுப் பத்திரம் போலத்தான். பண்ணைக்காரரின் வருமானம் என்.இ.சி.சி. அறிவிக்கும் முட்டை விலையிலும், மக்காச்சோளம், சோயா விலையிலும் தொங்குகிறது. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழியால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி கிளம்பி முட்டைக்கும் கோழிக்கும் தேவை சரிந்தது. நாமக்கல்லில் முட்டை விலை கடுமையாக விழுந்தது. சென்செக்ஸ் அடிமட்டத்தைத் தொட்டதும் அதே மார்ச்சில். ஒரே வாரங்களில் தொழிலும் முதலீடும் சேர்ந்து விழுந்தன. சேலத்தில் ஊழியருக்கு அந்த மார்ச்சில் சம்பளம் வந்தது, பிடித்தமும் தொடர்ந்தது, மலிவான பங்குகள் அவர் கணக்கில் சேர்ந்தன. பண்ணைக்காரர் தீவனத்துக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கும்போது சந்தா கட்டும் நிலையில் இருந்திருக்க மாட்டார். வீழ்ச்சியில் வாங்கும் வாய்ப்பு புதுச் சந்தா வழியாக அவருக்கு இல்லை. ஆகவே பங்கின் சுமையை அவர் விரைவாக இறக்கிவைப்பதில் நியாயம் இருக்கிறது.

இதற்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு. அவருக்கு 60 வயது என்பது ஒரு நாளே அல்ல. பண்ணை ஓடும் வரை ஓடும். 2025 டிசம்பரில் வந்த விதி மாற்றத்தின்படி, அரசு ஊழியரல்லாதவர் தொகையில் 20 விழுக்காட்டுக்கு மட்டும் ஆன்யுட்டி வாங்கினால் போதும். 85 வயது வரை கணக்கைத் தொடரவும் முடியும். பாதையோ அவர் பண்ணையைப் பற்றி எதுவும் அறியாமல் 55இல் இறங்கி முடித்துவிடும். 68 வயதில் தொட நினைத்திருக்கும் பணம் 13 ஆண்டு 15 விழுக்காட்டிலேயே கிடக்கும். பண்ணையை மகன் எடுத்து நடத்துகிறார், வீட்டுச் செலவுக்கு இந்தப் பணம் வேண்டியதில்லை என்ற நிலை உறுதியானால், 45 வயதுக்கு மேல் பி.எல்.சி. அவருக்கும் பொருந்தும். அந்த நிலை உறுதியாகும் வரை எல்.சி.75 என்பதுதான் என் கருத்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்ணை ஷெட் கட்ட 10 விழுக்காட்டுக்கு மேல் வட்டியில் கடன் இருக்கும்போது, 7 விழுக்காடு தரும் பத்திரத்தை என்.பி.எஸ்.க்குள் குவிப்பதில் பொருளில்லை. கட்டாயச் சந்தா இல்லாத அவருக்கு, கடனை அடைப்பதே முதல் பத்திர முதலீடு. என்.பி.எஸ்.க்குள் போன பணத்தை நெருக்கடியில் எளிதில் எடுக்க முடியாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பத்திரத்துக்கு நகர்ந்துவிட்டதாலேயே அது கையில் இருக்கும் பணமாகிவிடாது.

ரயில்வே ஊழியருக்கு என் பரிந்துரை வேறு. 25 வயதில் எல்.சி.75இல் தொடங்கலாம், பணம் சிறிதாக இருக்கும்போது அதிகப் பங்கைத் தாங்குவது எளிது. 41, 42 வயதில் இரண்டு பாதைகளும் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்போது, நீண்ட காலம் பணத்தை வைத்திருக்க நினைப்பவர் பி.எல்.சி.க்கு மாறிக்கொள்ளலாம். அந்த இடத்தில் மாறினால் பெரிதாக எதையும் விற்கவோ வாங்கவோ வேண்டியிருக்காது. மொத்தமாக எடுத்து வீடு கட்டுவது என்று பிறகு மனம் மாறினால், 50 வயதில் பி.எல்.சி.யிலிருந்து எல்.சி.75க்குத் திரும்புவது ஒரே நாளில் நாற்பதை ஒட்டிய விழுக்காட்டிலிருந்து 20க்கு இறங்குவதாக முடியும். சந்தை விழுந்திருக்கும் நேரத்தில் பயந்து அப்படித் திரும்பினால், பாதையின் பயன் முழுவதையும் இழந்துவிடுவார். இந்த முடிவை 45க்குள் எடுத்துவிட வேண்டும்.

இருவரும் பார்க்க வேண்டிய ஒரு தாள் இருக்கிறது. பிறந்தநாள் கழிந்த சில வாரங்களில் கணக்கு அறிக்கையைத் திறந்து, பங்கு, நிறுவனப் பத்திரம், அரசுப் பத்திரம் மூன்றின் விகிதத்தையும் அந்த வயதுக்குரிய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஓரிரு விழுக்காடு விலகல் சந்தை நகர்வால் வருவது, பொருட்படுத்த வேண்டியதில்லை. ஐந்தாறு விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்து, அந்த இடைப்பட்ட நாட்களில் சந்தையும் பெரிதாக அசையவில்லை என்றால், இரண்டில் ஒன்றைச் சந்தேகிக்கலாம்: தேர்ந்தெடுத்த பாதை பதிவாகவில்லை, அல்லது கணக்கில் பிறந்த தேதி தவறாக ஏறியிருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதியும் ஆதாரில் இன்னொரு தேதியும் இருப்பது நம் ஊர்களில் அரிதல்ல. இரண்டு ஆண்டு பிழை என்றால் 40 வயதுக்காரருக்கு எல்.சி.75இல் 8 விழுக்காடு பங்கு கூடவோ குறையவோ ஆகிவிடும். அதைத் திருத்த விண்ணப்பிப்பதற்குப் பணம் சிறிதாக இருக்கும் ஆண்டுகளே நல்ல காலம்.